காய்ச்சல் இறங்கிய வெள்ளிக்கிழமை: விடுதி மாணவியருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

நேற்று ராத்திரி முதல் மாடியில் வருகைப் பதிவு எடுக்க வந்தபோது ஓர் அறையின் ஜன்னல் திட்டில் ஒரு மாத்திரை அட்டையைப் பார்த்தேன். அஸித்ரோமைசின் 500 என்கிற ஆன்டிபயாட்டிக். மூன்று மாத்திரை அட்டையில் இரண்டு குழி காலி, ஒன்று மீதி. யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டேன். "இப்போ யாருக்கும் இல்லை மேம். போன வாரம் இவளுக்கு இருந்தது, ஒன்று போட்டதும் சரியாகிவிட்டது. அப்புறம் பக்கத்து அறையில் ஒருத்திக்குத் தொண்டை வலி, அவளுக்கு ஒன்று கொடுத்தோம். அடுத்து யாருக்காவது தேவைப்படும் என்று இதை எடுத்து வைத்திருக்கிறோம்" என்றார்கள்.

உதவி செய்கிற மனசோடு சொன்ன பதில் அது. திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அறைக்கு வந்த பிறகு தூக்கமும் வரவில்லை. சில வருடங்களுக்கு முன்னால் இதே விடுதியில், இதே போன்ற ஓர் அட்டையால் நடந்த ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது. மழையும் தொடங்கிவிட்டது, காய்ச்சல் காலம் இனிமேல்தான். உங்களில் பலருக்கு நான் வார்டன் மட்டும்தான். பகலில் நான் நடத்துவது நுண்ணுயிரியல் பாடம். அதனால் அந்தக் கதையையும் அதற்குப் பின்னால் இருக்கிற காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

அவள் இரண்டாம் ஆண்டு மாணவி. ஒரு திங்கட்கிழமை இரவு திடீரென்று காய்ச்சல், 103. தலைவலி, கண்ணை உருட்டினால் கண்ணுக்குப் பின்னால் வலி, அடித்துப் போட்டது போல உடம்பு வலி. அறைத்தோழியின் பையில், வீட்டிலிருந்து அம்மா கொடுத்து அனுப்பிய அஸித்ரோமைசின் அட்டை ஒன்று பிரிக்காமல் இருந்தது. செவ்வாய், புதன், வியாழன் என்று நாளுக்கு ஒன்றாக மூன்றையும் போட்டாள். உடம்பு வலி தாங்காமல் புதன்கிழமை இரண்டு வேளை மெஃபனாமிக் அமில மாத்திரையும் போட்டாள். மாதவிடாய் வலிக்கு நீங்கள் எல்லாரும் வைத்திருப்பீர்களே, அதேதான். வெள்ளிக்கிழமை காலை காய்ச்சல் சுத்தமாக இல்லை. தெர்மாமீட்டர் 98.4 காட்டியது. மாடி முழுக்க அந்த அட்டைக்கு நல்ல பெயர். எனக்கும் நிம்மதியாக இருந்தது. "இன்றைக்கு ரெஸ்ட் எடு, திங்கட்கிழமை வகுப்புக்குப் போ" என்று நானே சொன்னேன்.

அன்று மாலை அவள் மூன்று முறை வாந்தி எடுத்தாள். மேல் வயிற்றில் விடாத வலி. ராத்திரி குளியலறையில் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இன்னும் பத்து நாள் இருக்கையில் மாதவிடாய் வந்து, இரத்தப்போக்கும் வழக்கத்தைவிட மிக அதிகமாக இருந்தது. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனோம். தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், 38,000. குறைந்தபட்சம் ஒன்றரை லட்சம் இருக்க வேண்டியது. டெங்கு. நான்கு நாள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, மணிக்கு மணி இரத்த அழுத்தம் பார்த்து, பிழைத்து வந்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள்.

டெங்கு வைரஸ் தருகிற காய்ச்சல். அது பெரும்பாலும் இரண்டிலிருந்து ஏழு நாள் இருக்கும், பிறகு தானாக இறங்கும். பலருக்கு நான்காம், ஐந்தாம் நாளில் இறங்கிவிடும். அவளுக்கு முதல் நாள் திங்கள் என்றால் வெள்ளி ஐந்தாம் நாள். அவள் ஒரு மாத்திரையும் போடாமல் படுத்திருந்தாலும் அந்த வெள்ளிக்கிழமைதான் காய்ச்சல் இறங்கியிருக்கும். மூன்று நாள் அட்டை முடிவதும், சாதாரண வைரஸ் காய்ச்சல் தணிவதும் கிட்டத்தட்ட ஒரே நாளில் வருகின்றன. சளிக் காய்ச்சலும் இப்படித்தான், மூன்று நான்கு நாளில் தானாக விடும். அதனால்தான் "அதைப் போட்டேன், மூணே நாளில் சரியாகிடுச்சு" என்று ஒவ்வொரு அறையிலும் ஒருத்தி சொல்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் கண்ணால் பார்த்தது அதைத்தான். ஆனால் காய்ச்சலை இறக்கியது அவளுடைய உடம்பு.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் கொதிக்கும்போது வருவதில்லை. காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் வருகிறது. அப்போது நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கி, இரத்தத்தில் இருக்கும் நீர்ப்பகுதி வெளியே போய்விடும். இந்தக் கசிவு ஒன்றிலிருந்து இரண்டு நாள் வரை நீடிக்கும். அந்த நேரத்தில் நோயாளிக்குத் தேவை அளவான திரவமும் கவனிப்பும். இவளோ, "மாத்திரை வேலை செய்துவிட்டது" என்ற நம்பிக்கையில், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், சரியாகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்த வெள்ளிக்கிழமை பகலைக் கழித்தாள். அஸித்ரோமைசின் அவள் உடம்பை நேரடியாகக் கெடுத்தது என்று நான் சொல்லவில்லை. எங்கள் எல்லாருடைய விழிப்பையும் அது கெடுத்தது. மெஃபனாமிக் அமிலம் வேறு தன் பங்குக்கு, தட்டணுக்கள் குறைந்துகொண்டிருந்த உடம்பில் இரத்தப்போக்கைக் கூட்டியிருக்கும். டெங்கு சந்தேகம் இருக்கும்போது அதையும், ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் ஆகியவற்றையும் தொடக்கூடாது.

சரி, ஆன்டிபயாட்டிக் ஏன் வைரஸைத் தொடுவதில்லை?

பாக்டீரியா ஒரு முழு உயிர். அதற்குச் சொந்தமாக ஒரு வீடு உண்டு, சுவர் உண்டு, அடுக்களை உண்டு. தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே சமைத்துக்கொள்ளும். ஆன்டிபயாட்டிக் அந்த வீட்டில் ஏதாவது ஒரு பாகத்தைப் பார்த்து அடிக்கிற மருந்து. அமாக்சிசிலினும் செஃபிக்ஸிமும் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. அஸித்ரோமைசின் அடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டு சமைக்கவிடாது. பாடத்தில் ரைபோசோம் என்று படித்திருப்பீர்களே, அதுதான் அந்த அடுப்பு. பாக்டீரியாவின் ரைபோசோமும் நம்முடையதும் அமைப்பில் வேறு வேறு. அதனால்தான் மருந்து அதை முடக்குகிறது, நம்மை விட்டுவிடுகிறது.

வைரஸுக்குச் சுவரும் கிடையாது, அடுக்களையும் கிடையாது. அது நம் செல்லுக்குள் நுழைந்து நம் அடுப்பிலேயே தனக்குச் சமைத்துக்கொள்கிறது. நம் அடுப்பைத் தொடாத மருந்தாகப் பார்த்துத்தானே தயாரித்திருக்கிறார்கள்? அப்புறம் அது வைரஸை எப்படித் தடுக்கும்? 500 மில்லிகிராமுக்குப் பதில் 1000 போட்டாலும், விலை கூடிய மருந்தாகப் போட்டாலும், ஊசியாகவே போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. வைரஸுக்கென்று தனி மருந்துகள் சில உண்டு. டெங்குவுக்கு அப்படி ஒன்று இன்னும் இல்லை.

வேலை செய்யாவிட்டால் போகட்டும், ஒரு மாத்திரைதானே, வீணாய்ப் போனால் என்ன என்று கேட்கலாம். வீணாய்ப் போவதில்லை, அதுதான் சிக்கல். வைரஸைத் தொடாத அந்த மாத்திரை உங்கள் வாயிலும் தொண்டையிலும் குடலிலும் குடியிருக்கிற கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியாக்களைத் தொடும். அவற்றில் பல சாகும். அந்த மருந்துக்குச் சாகாத சில மட்டும் மிஞ்சும். போட்டிக்கு ஆள் இல்லாத இடத்தில் அவை பெருகும்.

இதைப் பெல்ஜியத்தில் ஒரு குழு சோதித்துப் பார்த்து, 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டது. காய்ச்சலோ நோயோ இல்லாத இருநூறுக்கும் மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு நம் அட்டையில் இருக்கிற அதே கணக்கில், நாளுக்கு 500 மில்லிகிராம் வீதம் மூன்று நாள் அஸித்ரோமைசின். இன்னொரு பிரிவினருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. பிறகு அவர்கள் தொண்டையில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவை எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களிடம் அந்த வகை மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களின் பங்கு மாத்திரை முடிந்த கையோடு எகிறியது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அது கூடுதலாகவே இருந்தது. மூன்று மாத்திரை, ஆறு மாதம். அஸித்ரோமைசின் உடம்பை விட்டு மிக மெதுவாக வெளியேறுகிற மருந்து. உள்ளே போனதில் பாதி குறையவே கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும். அது குறைந்துகொண்டே வரும் அந்த நாட்களில் உடம்பில் இருப்பது, கொல்லப் போதாத, ஆனால் எதிர்த்து நிற்பவற்றைப் பொறுக்கி வளர்க்கப் போதுமான அளவு.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945 டிசம்பரில் நோபல் உரையில் சொன்ன எச்சரிக்கையும் இதுதான். தொண்டை வலி வந்த ஒருவர் தானாகப் பெனிசிலின் வாங்கிப் போதாத அளவில் போட்டுக்கொள்கிறார். கிருமி சாகாமல் மருந்தைத் தாக்குப்பிடிக்கப் பழகிவிடுகிறது. அவரிடமிருந்து அது மனைவிக்குத் தொற்றி நிமோனியா ஆகிறது. இப்போது முறையாகப் பெனிசிலின் கொடுத்தும் கேட்கவில்லை, மனைவி இறந்துபோகிறாள். மருந்து பொதுமக்கள் கைக்கு வந்துகொண்டிருந்த அந்தக் காலத்திலேயே அவர் ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்து இதைச் சொல்லிவிட்டார். கதையில் மருந்தைத் தவறாகப் போட்டது கணவன், உயிரை விட்டது மனைவி என்பதைக் கவனியுங்கள்.

நம் விடுதியும் அப்படி ஒரு வீடுதான், கொஞ்சம் பெரிய வீடு. எதிர்த்து நிற்கும் சக்தி வருவது உங்களுக்கு இல்லை, உங்கள் உடம்பில் இருக்கிற பாக்டீரியாவுக்கு. அந்த பாக்டீரியா உங்களோடு மட்டும் இருப்பதில்லை. ஒரு மாடிக்கு நான்கு கழிவறை, ஒரே குழாய்த் திருகு, ஒரே தண்ணீர் டம்ளர், மெஸ்ஸில் ஒரே கரண்டி. குடலில் இருப்பது கை வழியாக அடுத்தவர் குடலுக்குப் போவதற்கு இவ்வளவு போதும். போதாததற்கு, ஒரு வகை பாக்டீரியா தன்னிடம் இருக்கும் எதிர்ப்பு மரபணுவைச் சிறு வளையமாகச் சுருட்டி, வேறு வகை பாக்டீரியாவுக்கும் கைமாற்றிக் கொடுத்துவிடும். பிளாஸ்மிட் என்று படித்தது இதைத்தான். மூன்று பேர் ஓர் அட்டையைப் பகிர்ந்துகொண்டால் மாத்திரையோடு நின்றுவிடாது, இதையும் பகிர்ந்துகொள்கிறீர்கள்.

இதன் வினை எங்கே வந்து நிற்கும்? பெண்கள் விடுதியில் நான் அதிகம் பார்ப்பது சிறுநீர்த் தொற்று. கழிவறை சுத்தமாக இல்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பீர்கள், வகுப்பில் அடக்கிக்கொண்டு உட்காருவீர்கள். அது வர இதெல்லாம் வழி செய்கிறது. அதற்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலி என்ற பாக்டீரியா. வெளியிலிருந்து வருவதில்லை, உங்கள் சொந்தக் குடலில் இருப்பதுதான் அங்கே போய்ச் சேர்கிறது. போன வருடம் ஒரு மாணவியைக் குளிர் நடுக்கத்தோடு அழைத்துப் போனேன். இடுப்புக்கு மேலே முதுகின் ஒரு பக்கம் தொட்டாலே வலித்தது. தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. சிறுநீரில் இருக்கும் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கிற கல்ச்சர் அறிக்கை மூன்றாம் நாள் வந்தது. அந்தத் தாளை நீங்கள் பார்க்க வேண்டும். இடது பக்கம் வரிசையாக மருந்துகளின் பெயர், வலது பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. கேட்கும் என்றால் எஸ், கேட்காது என்றால் ஆர். செஃபிக்ஸிமுக்கு ஆர். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு ஆர். மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்தேன், வாயால் விழுங்குகிற மாத்திரைகளில் பாதிக்கு மேல் ஆர். கடைசியில், வாயால் போட்டுத் தீர வேண்டிய நோய்க்கு ஏழு நாள் ஊசி. அந்த வருடம் மட்டும் சளி பிடித்தபோதெல்லாம் மூன்று முறை செஃபிக்ஸிம் போட்டிருந்ததாக அவளே டாக்டரிடம் சொன்னாள். அதனால்தான் வந்தது என்று ஒருத்தி விஷயத்தில் அடித்துச் சொல்ல முடியாது. சில மாதங்களுக்குள் ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்கு அடுத்த சிறுநீர்த் தொற்று அடங்காத கிருமியால் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்த விஷயம்.

அப்படியானால் ஆன்டிபயாட்டிக்கே வேண்டாமா? நிச்சயம் வேண்டும். நான் இப்போது சொன்ன சிறுநீரகத் தொற்றுக்குத் தாமதிக்காமல் வேண்டும். நிமோனியாவுக்கு வேண்டும். இருமலும் மூக்கொழுகலும் இல்லாமல் காய்ச்சலோடு தொண்டையில் வெள்ளைத் திட்டு, கழுத்தில் நெறிகட்டி வலி என்றால் அது பாக்டீரியாவாக இருக்கலாம், அதற்கும் வேண்டும். டைஃபாய்டுக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் எது என்று தெரிந்துகொண்டு, அதற்குரியதை, அதற்குரிய அளவில், அதற்குரிய நாட்களுக்கு. முந்திக்கொண்டு போடும் ஒன்றிரண்டு மாத்திரை அந்தத் தெரிந்துகொள்ளுதலையே கெடுத்துவிடும்.

டைஃபாய்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே சாப்பிடுகிற நமக்கு அது அந்நியமான நோய் இல்லை. காய்ச்சல் முதல் நாளே கொதிக்காது, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அதைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி பிளட் கல்ச்சர். இரத்தத்தை எடுத்துச் சத்து நீரில் வைத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். இரத்தத்தில் இருக்கும் டைஃபாய்டு கிருமி ஏற்கனவே மிகக் குறைவு, சில சமயம் ஒரு மில்லிலிட்டருக்கு ஒன்றுகூட இருக்காது. நீங்கள் முந்தைய நாள் ஓர் அஸித்ரோமைசினோ செஃபிக்ஸிமோ போட்டிருந்தால் அந்தக் கொஞ்சமும் பாட்டிலில் வளராமல் போகலாம். அப்போது நோய் உடம்பில் இருக்கும், அறிக்கையில் இருக்காது. பிறகு வைடல் சோதனையை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். அதுவோ டைஃபாய்டு இல்லாதவருக்கும் பாசிட்டிவ் என்று வரக்கூடிய சோதனை. கல்ச்சர் வளர்ந்திருந்தால் எந்த மருந்து கேட்கும் என்பதும் கூடவே தெரிந்திருக்கும். ஒரு காலத்தில் டைஃபாய்டுக்கு எல்லாரும் எழுதிய சிப்ரோஃப்ளாக்சசின் இன்று நம் நாட்டில் பெரும்பாலும் கேட்பதில்லை என்பதால், அந்தத் தகவல் ரொம்ப முக்கியம்.

டைஃபாய்டில் சரியான மருந்தைக் கொடுத்தாலும் காய்ச்சல் விட நான்கைந்து நாள், சிலருக்கு ஒரு வாரம் ஆகும். இது தெரியாமல் இரண்டு நாள் ஒன்று போட்டுப் பார்த்து, "கேட்கவில்லை" என்று அடுத்த அறையில் வேறொன்று வாங்கி இரண்டு நாள் போட்டு, அதையும் நிறுத்திவிட்டு ஊருக்கு பஸ் ஏறியவர்கள் நம் விடுதியிலேயே இருக்கிறார்கள்.

உண்ணிக் காய்ச்சல் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பின்பக்க மைதானத்தில் புதர் மண்டிக் கிடக்கிறது. அந்தப் புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வருவது. தமிழ்நாட்டில் மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் நிறைய வரும். பலருக்குக் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருத்த பொருக்கு இருக்கும். வலிக்காது. அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே என்று நாம் பார்க்காத இடங்களில்தான் இருக்கும். செஃபிக்ஸிம், அமாக்சிசிலின் எல்லாம் இந்தக் கிருமியிடம் எடுபடாது. டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விடும். ஆன்டிபயாட்டிக் என்பது ஒரே மருந்து இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். காய்ச்சல் நாலைந்து நாள் தாண்டினால் குளிக்கும்போது உடம்பை ஒரு முறை நன்றாகப் பாருங்கள், டாக்டரிடமும் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

மாத்திரையைத் தோழிக்குக் கொடுப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பெனிசிலின் வகை ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். முகம் வீங்கி மூச்சுத் திணறினால் இந்த மாடியிலிருந்து மருத்துவமனை போய்ச் சேரும் நேரம் நீளமானது. அட்டையின் பின்புறம் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் சாப்பிடக் கூடாத மருந்து என்பதற்கு அடையாளம் அது. மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் இந்தக் கோட்டைப் பற்றி மக்களிடம் ஒரு பிரச்சாரமே நடத்தியது. செஃபிக்ஸிம் போன்றவற்றை விற்கும்போது நோயாளி பெயரையும் எழுதிய மருத்துவர் பெயரையும் கடைக்காரர் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்பது 2014 முதல் சட்டம். கேட்டதும் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பதற்காக அது சாதாரண மாத்திரை ஆகிவிடாது.

இனி, காய்ச்சல் வந்தால் இந்த விடுதியில் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நேரத்தைக் குறியுங்கள். காய்ச்சல் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதுதான் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி. "ரெண்டு மூணு நாளா இருக்கு" என்பது பதில் ஆகாது. டெங்குவில் எந்த நாளில் என்ன சோதனை என்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். இரத்தத்தில் வைரஸின் புரதத்தைத் தேடுகிற என்.எஸ்.1 சோதனையை முதல் ஐந்து நாளுக்குள் எடுத்தால்தான் நம்பலாம். அதற்கு மேல் என்றால் வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்குகிற ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்பொருளைப் பார்ப்பார்கள். அந்தப் பெண்ணின் நோட்டில் அப்படி ஒரு குறிப்பு இருந்திருந்தால், வெள்ளிக்கிழமை காலை நான் அவளை வகுப்பைப் பற்றி யோசிக்கச் சொல்லியிருக்க மாட்டேன்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். 650 ஒன்று, அடுத்ததற்கு ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். எடை 45 கிலோவுக்குக் கீழே என்றால் 500 போதும். சளிக்கென்று விற்கிற கூட்டு மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். அது காய்ச்சலை 98.4க்குக் கொண்டுவர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். 103 இருந்தது 101 ஆகி, எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்க முடிந்தால் அது தன் வேலையைச் செய்துவிட்டது.

தண்ணீர், கஞ்சி, மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். எதுவானாலும் சரி, நாளுக்கு இரண்டரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். போகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, சிறுநீர் கழிப்பதை எண்ணுவது. ஆறு மணி நேரம் போகவில்லை என்றால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். காய்ச்சல்காரிக்கு நோட்டில் எழுதத் தெம்பு இருக்காது, அறைத்தோழி எழுதுங்கள். மாத்திரை கொடுத்து உதவ நினைத்தீர்களே, அந்த உதவியை இப்படிச் செய்யுங்கள்.

மழைக்காலத்தில் இரண்டு நாள் காய்ச்சல் நிற்காவிட்டால் மூன்றாம் நாள் காலை என்னிடம் வாருங்கள், இரத்தப் பரிசோதனைக்கு நானே அழைத்துப் போகிறேன். விடாத வாந்தி, வயிற்று வலி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மாதவிடாயில் வழக்கத்துக்கு மீறிய போக்கு, எழுந்தால் தலைசுற்றல், கை கால் சில்லிட்டுப் போவது, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாமல் மயங்கிக் கிடப்பது, மூச்சு வாங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடிய வேண்டாம், ராத்திரி எத்தனை மணியானாலும் என் கதவைத் தட்டுங்கள். காய்ச்சல் இறங்கிவிட்டதா? அடுத்த இரண்டு நாள் வகுப்புக்குப் போக வேண்டாம். அந்த இரண்டு நாளும் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் நான் வந்து பார்ப்பேன். வருகைப் பதிவு குறையும் என்று பயந்து யாரும் மறைக்காதீர்கள், துறைத் தலைவரிடம் நான் எழுதிக் கொடுக்கிறேன்.

டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தால் எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டு, அத்தனை நாளும் போடுங்கள். தனி ஆளுக்கு, அந்த ஒரு நோய்க்கு எழுதியது அது. நடுவில் ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்துவதையும் அவரிடம் கேட்டே செய்யுங்கள். வீட்டிலிருந்து அட்டை கொடுத்து அனுப்புகிற அம்மாக்களிடம் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் தூரத்தில் இருந்துகொண்டு பிள்ளைக்குச் செய்ய முடிந்ததைச் செய்கிறார்கள். அட்டைக்குப் பதிலாக ஒரு தெர்மாமீட்டர் அனுப்பச் சொல்லுங்கள்.

இன்றைக்கு மாலை என் அறை வாசலில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா வைக்கிறேன். பெட்டியிலும் பையிலும் மீதி இருக்கிற ஆன்டிபயாட்டிக் அட்டைகளை அதில் போட்டுவிடுங்கள். யாருடையது, எங்கே வாங்கியது என்று கேட்க மாட்டேன். கழிவறையிலோ குப்பையிலோ கொட்டிவிடாதீர்கள், மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற பாக்டீரியாவுக்கும் அது அதே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுக்கும். கல்லூரி மருத்துவ அறையில் கொடுத்தால் மருத்துவக் கழிவோடு சேர்த்து அனுப்புவார்கள். முதல் மாடி ஜன்னல் திட்டில் இருக்கிற அந்த ஒற்றை மாத்திரையும் டப்பாவுக்கு வந்துவிடட்டும். அதில் ஒன்றைப் போட்ட தொண்டை வலிக்காரி, இன்னும் வலி இருந்தால், நாளைக் காலை மெஸ்ஸுக்குப் போகும் முன்பு என்னை வந்து பார்.

அன்புடன்,
உங்கள் வார்டன்